வெர்

தனிஸ்லாஸுக்குத் தமிழ் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. முத்தியால்பேட்டையில் பிறந்து, முத்தியால்பேட்டைத் தெருக்களில் அடி வாங்கி வளர்ந்தவர். ஆனால் பிரெஞ்சு ராணுவ டாக்டர் ஒருவர் வீட்டில் நெடுங்காலம் குசினிக்காரராக இருந்ததில், நல்ல நல்ல தமிழ் வார்த்தைகளை எல்லாம் எங்கோ தொலைத்துவிட்டு வந்திருந்தார். உப்பு அவருக்கு ‘செல்’. வெண்ணெய் ‘பேர்’. வெண்ணெயைக் கேட்கிறாரா, யாருடைய பேரைக் கேட்கிறாரா என்று தெரியாமல் விழித்தவர்கள் பலர். பிரெஞ்சு மூவர்ணக் கொடியும் துரைகளும் கப்பலேறிப் போன மறு வருஷமும்கூட அவர் வாயிலிருந்து அந்தப் பாஷை இறங்கவில்லை. இறக்கவும் அவருக்கு மனமில்லை. அது இருந்ததால்தானே மற்ற சமையற்காரர்களை ‘ஏய்’ என்று கூப்பிட்ட ஊர், அவரை மட்டும் ‘முசே’ என்று கூப்பிட்டது!

அந்தப் புரட்டாசியில் சகாயநாதன் வீட்டுக் கல்யாணச் சமையல் அவர் பொறுப்பு. சகாயநாதன் சிறுவயதுத் தோழர். பெண் ரோசாவுக்கு ஞானஸ்நானத்தில் கைநீட்டித் தூக்கிய ஞானத்தகப்பனும் தனிஸ்லாஸ்தான். ரோசா அவரைப் பிரெஞ்சில் ‘பர்ரேன்’ என்று கூப்பிடுவாள். பெற்ற பிள்ளை இல்லாத மனுஷன். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் கேட்டதையெல்லாம் பொரித்துக் கொடுப்பார், வறுத்துக் கொடுப்பார்.

கல்யாணத்துக்கு என்ன பரிசு வேண்டும் என்று அவர் கேட்டபோது, அவள் கேட்டதைத்தான் பொரித்தோ வறுத்தோ கொடுக்க முடியவில்லை.

“எம் பூசையில நீங்க நன்மை வாங்கணும், பர்ரேன். அது ஒண்ணு போதும்.”

பூசையில் கொடுக்கும் நன்மையை, நற்கருணை அப்பத்தை, தனிஸ்லாஸ் வாங்கிப் பல வருஷம் ஆகியிருந்தது. பெரிய பாவம் ஒன்றுமில்லை. மாதா திருவிழா விருந்தில் பங்குச் சாமியார் எல்லார் முன்னாலும் “சூப்பில் உப்பு கொஞ்சம் தூக்கல்” என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அன்றிலிருந்து தனிஸ்லாஸ் கோயிலுக்குப் போவார், கடைசி பெஞ்சில் உட்காருவார், பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டி பக்கம் திரும்பக்கூட மாட்டார். அந்தச் சாமியார் மாற்றலாகிப் போய், வேறு சாமியார் வந்து, அவரும் கிழவராகிவிட்டார். உப்பு மட்டும் கரையவில்லை. ஊர் என்ன சும்மா இருக்குமா? முசே துரை வீட்டில் என்னத்தைத் தின்றாரோ, என்னத்தைக் குடித்தாரோ, மன்னிப்புக் கிடைக்காத பாவமாக்கும் என்று வாய்க்கு வந்தபடி பேசியது. அந்தப் பேச்சு ரோசாவின் காதிலும் விழுந்துகொண்டுதான் இருந்தது. அவளுக்கு அது சுருக்கென்று குத்தியது.

“சரிம்மா” என்றுவிட்டார் தனிஸ்லாஸ். நன்மை வாங்க வேண்டுமானால் முதலில் அந்தத் தொட்டியில் போய் முழங்காலிட்டாக வேண்டும்.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் அவர் பாவசங்கீர்த்தனத்துக்குப் புறப்பட்டார். புறப்படும் அவசரத்தில்தான் முற்றத்தைப் பார்த்தார். சகாயநாதன் ஊட்டி உருளைக்கிழங்கு மூட்டைகளைப் பல நாள் முன்பே வாங்கி, அழுகிவிடக்கூடாது என்று முற்றத்துத் தரையில் வெங்காயம் பரப்புவது போலப் பரப்பி வைத்திருந்தார். மேலே திறந்த வானம், நல்ல வெளிச்சம். கிழங்குகள் அழுகவில்லை. அதற்குப் பதிலாகப் பாதிக்குமேல் தோல் பச்சை பூத்து, கண்ணுக்குக் கண் முளை விட்டு உட்கார்ந்திருந்தன.

தனிஸ்லாஸுக்குப் பகீரென்றது. டாக்டர் துரை வீட்டில் ஒரு தடவை இப்படிப்பட்ட கிழங்கைக் கூடையில் கண்டு துரை குதித்த குதி அவருக்கு மறக்கவில்லை. உதவிக்கு வந்திருந்த செல்வாம்பாளைக் கூப்பிட்டார். முதலியார்பேட்டைக்காரி. கை வேகம், வாய் அதைவிட வேகம்.

“செல்வாம்பா, நல்லாக் கேட்டுக்க. இதுல வெர் இருக்கிறதெல்லாம் எடுத்துக் குப்பையில போட்டுடணும். வெர் கொஞ்சங்கூட உள்ள போவக்கூடாது. போச்சு, கல்யாண வூடு முழுக்க வாந்தி எடுக்கும்.”

“சரிங்க முசே. வேர் ஒண்ணுகூட இருக்காது.”

பிரெஞ்சில் பச்சைக்கு ‘வெர்’ என்று பேர். தனிஸ்லாஸுக்கு அது தெரியும். செல்வாம்பாளுக்கு எதற்குத் தெரிய வேண்டும்? அவர் தலை மறைந்ததும் அவள் ஒரு கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கூட இருந்த சின்னப்பொண்ணிடம் காட்டினாள்.

“வேராம்டி. இதுல வேர் எங்க கீது? மொளதான கீது!”

“மொளயத்தான் சொல்றாரு. வெள்ளக்காரங்க வூட்லயே இருந்தவருக்கு மொள எது, வேர் எதுன்னு இன்னா தெரியும்?” என்றாள் சின்னப்பொண்ணு.

அது நியாயமாகவே பட்டது. இருவரும் உட்கார்ந்து, ஒவ்வொரு கிழங்கிலும் ஒவ்வொரு முளையாகக் கிள்ளி எறிந்தார்கள். கண் தெரியாத அளவுக்கு இருட்டிய பிறகும் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு விரலால் தடவித் தடவிக் கிள்ளினார்கள். அப்படி ஒரு வேலைச் சுத்தம். கிழங்கு ஒன்றைக்கூட வீணாக்கவில்லை.

தனிஸ்லாஸ் அங்கே தொட்டியில் முழங்காலிட்டு உப்புக் கதையைச் சொல்லி முடித்தபோது, கிழட்டுச் சாமியாருக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் இருமல் வந்துவிட்டது. பாவமன்னிப்பு கிடைத்தது. தனிஸ்லாஸ் கோயிலைவிட்டு வெளியே வந்தபோது, வேட்டி சட்டையைக்கூடப் புதிதாகத் துவைத்துக் கட்டியது போல இருந்தது அவருக்கு. இனி ஒன்றுதான் பாக்கி. நடுநிசியிலிருந்து ஒன்றும் தின்னாமல் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும். அந்தக் காலத்துச் சட்டம் அது. ஒரு பருக்கை உள்ளே போனாலும் அன்றைக்கு நன்மை கிடையாது.

விடியும்போது அடுப்படி ஜெகஜோதியாக இருந்தது. ஆட்டுக்கறி ஒரு அண்டாவில் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்து அகலச் சட்டியில், வேகவைத்துத் தோலுரித்து நறுக்கிய கிழங்கு, கறிச்சாறும் மசாலாவும் ஊற்றிப் பிரட்டிச் சிவக்கச் சிவக்க இருந்தது. கடைசியில் இரண்டையும் சேர்த்தால் ‘ரகு’ தயார். புதுச்சேரிக் கிறிஸ்தவர் கல்யாணத்தில் ரகு இல்லாவிட்டால் தாலி கட்டியதே சந்தேகம். அதிலும் மாப்பிள்ளை வீடு காரைக்கால். கூடவே சைகோனிலிருந்து திரும்பி வந்த ஒரு பெரியப்பா. கிழங்கு போட்ட ரகு சாப்பிடத்தான் வருகிறேன் என்று ஆள்மேல் ஆள் சொல்லி அனுப்பியிருந்தார்.

தனிஸ்லாஸ் ருசி பார்க்காமலே கரண்டியைச் சுழற்றிக்கொண்டிருந்தார். வாசனையிலேயே உப்பைச் சொல்லிவிடுவார். அப்போதுதான் செல்வாம்பாள், தேங்காய் துருவியபடி, போகிற போக்கில் கேட்டாள்.

“முசே, இந்த ஊட்டிக் கெழங்கு சேனக்கெழங்கு சாதியா?”

“ஏன்?”

“கறிச்சாறு ஊத்தறதுக்கு முன்ன, வெந்துதான்னு பாக்க ஒரு துண்டு வாயில போட்டேன். கசக்குது. தொண்டையப் புடிச்சி எரியுது. வெள்ளக்காரங்க இப்டித்தான் துண்ணுவாங்கன்னு வுட்டுட்டேன். கொஞ்சம் புளி ஊத்தனா சரியாப்பூடும்ல?”

தனிஸ்லாஸ் கரண்டியைக் கீழே வைத்தார். “வெர் எல்லாத்தையும் எறிஞ்சதாச் சொன்னியே?”

“எறிஞ்சேனே! வாங்க காட்டறேன்.”

கொல்லையில் குப்பைக்குழியருகே முளைகள் ஒரு கூடை நிறையக் குவிந்து கிடந்தன. வெள்ளையும் ஊதாவுமாக, குட்டி குட்டியாக. கிழங்கு ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் வெந்த தோல் குவியல். விடியல் வெளிச்சத்தில் அதில் பாதி பாசி படிந்த மாதிரி பச்சையாக இருந்தது.

“நான் இத எறின்னு சொன்னேன்! வெர்! பச்ச! பச்ச!”

“பச்சன்னு சொன்னா பச்சன்னு தெரியும். வேர்னு சொல்லிட்டு?” என்றாள் செல்வாம்பாள். அவள் முகத்தில் குற்றம் செய்த அடையாளமே இல்லை. ஏன் இருக்க வேண்டும்?

தனிஸ்லாஸ் தலையில் கைவைத்துக்கொண்டு அம்மிக்கல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். ‘பச்சை’ என்று அழகான ஒரு வார்த்தை இருக்கிறது. அவருடைய அம்மாவே சொல்லிக் கொடுத்த வார்த்தை. அதைச் சொல்ல நாக்கு கூசியதே!

சத்தம் கேட்டுச் சகாயநாதன் பட்டுச் சட்டைப் பொத்தானை மாட்டியபடி ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டதும், நண்பன் என்றும் பார்க்காமல் பாய்ந்தார்.

“கெழங்கக் கொட்டறதா? இன்னாடா பேசற? சைகோன்காரர் கெழங்குக்குன்னே வர்றாரு! பச்சயா இருந்தா இன்னா? கீரகூடப் பச்சதான். துண்ணலயா நாம?”

“பச்ச ஒண்ணும் பண்ணாதுடா. கீரையில இருக்கிற அதே பச்சதான். ஆனா வெளிச்சம் பட்டா கெழங்கு பச்சயாவும்போதே உள்ள ஒரு விஷமும் சேத்துக்குது. பச்ச வெறும் அடையாளம். அந்த விஷத்துக்கு சொலானின்னு பேருன்னு துரை சொல்லுவாரு. பூச்சியும் எலியும் தன்னத் துண்ணாம இருக்க கெழங்கு பண்ணிக்கிற வேல. தோல்ல இருக்கும், கண்ணுல இருக்கும், மொளயில ரொம்ப இருக்கும்.”

“மொளயத்தான் கிள்ளிட்டாங்களே!”

“தோலுக்கடியில இருக்கிறது போவலயே. மெலுசா உரிச்சிருக்காங்க.”

“அதான் கொதிக்கக் கொதிக்க வேவச்சாச்சே! அதுல போவாதது இன்னா விஷம்?”

“இது போவாது. வேவச்சாலும் போவாது, வறுத்தாலும் போவாது, புளி ஊத்துனாலும் போவாது” என்றார் தனிஸ்லாஸ், கடைசி வார்த்தையைச் செல்வாம்பாள் பக்கம் திரும்பி. “துரை இருந்த பட்டாளத்துல இத துண்ணுட்டு சிப்பாய்ங்க வயித்தப் புடிச்சிக்கிட்டு வாந்தியும் பேதியுமா உழுந்து கெடந்தாங்களாம்.”

சகாயநாதன் அசையவில்லை. மகள் கல்யாணத்தில் ரகுவில் கிழங்கு இல்லை என்று காரைக்கால்வரை பேச்சுப் போகும். அந்தக் கிழங்கை முற்றத்தில் பரப்பி வைத்த புத்திசாலி அவரே என்பதும் உள்ளுக்குள் அரித்தது. “நல்ல கெழங்கும் கலந்துதான இருக்கு? ஒருத்தி நாக்க நம்பி சட்டியோட கொட்டச் சொல்றியா? அவ சேனக்கெழங்கத் துண்ண வாயோட வந்திருப்பா. கசக்குதுன்னு நீ துண்ணுட்டுச் சொல்லு. அப்பக் கொட்டறேன்.”

தனிஸ்லாஸ் அவரைப் பார்த்தார். “எப்டிடா துண்ணுவேன்? நன்மை வாங்கணும்.”

அப்போதுதான் அந்த வீட்டின் நிலைமை எல்லாருக்கும் உறைத்தது. ருசி பார்க்க வாய் வேண்டும். சகாயநாதனும் நன்மை வாங்குகிறவர், வெறும் வயிறு. பெண், மாப்பிள்ளை, சொந்தம், பந்தம், எல்லாம் வெறும் வயிறு. செல்வாம்பாளும் சின்னப்பொண்ணும் புரட்டாசி விரதம். கறிச்சாறு பட்ட கிழங்கை மூக்கருகேகூடக் கொண்டுபோக மாட்டார்கள். நன்மை வாங்கும் வயசு வராத வாண்டுகள் நாலைந்து பந்தலில் உருண்டுகொண்டிருந்தன. சகாயநாதன் பார்வை அந்தப் பக்கம் போனது.

“விஷம்ங்கிறேன், புள்ளைங்களயா பாக்கற?” என்று தனிஸ்லாஸ் போட்ட அதட்டலில் பார்வை திரும்பி வந்துவிட்டது.

நாக்கில் வைத்துத் துப்பிவிட்டால் தோஷமில்லை என்று சமையற்காரர்களுக்குச் சாமியார்களே சொல்லியிருக்கிறார்கள். தனிஸ்லாஸ் ஒரு துண்டை வாயில் போட்டு மென்று, கொல்லையில் துப்பினார். மிளகாய்தான் தெரிந்தது. இன்னொன்று. மிளகும் கிராம்பும் தெரிந்தன. அவருடைய மசாலா அவருக்கே எதிரியாக நின்றது. கசப்பு இருக்கிறதா, இல்லையா? இருப்பது போலவும் இருந்தது, பயம்தான் கசக்கிறதோ என்றும் இருந்தது. நாக்குப் படாதபாடு பட்டது.

“பாத்தியா, ஒண்ணுமில்ல” என்றார் சகாயநாதன். “கெழங்கக் கறியில போடு. கோயிலுக்கு நேரமாவுது.”

போட்டுவிடலாம். செல்வாம்பாளுக்குத் தொண்டை எரிந்தது எதனாலோ என்று விட்டுவிடலாம். பூசை தொடங்கும் மூன்றாம் மணி அடித்ததும் மாலையோடு நிற்கும் ரோசாவின் பின்னால் நடந்து, நன்மை கொடுக்கும் பீடக் கிராதியருகே முழங்காலிடலாம். ஊர் வாயடைத்துப் போகும். ரோசா திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். தனிஸ்லாஸ் அதை எத்தனை ராத்திரி நினைத்துப் பார்த்திருக்கிறார்! மனுஷனுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் விருந்துக்கு வருகிறவர்கள் துப்பப் போவதில்லை. விழுங்கத்தான் போகிறார்கள். அந்தப் பெண்ணும்தான் விழுங்குவாள், பர்ரேன் கை சமையலென்று ஒரு துண்டு கூடவே கேட்டு.

தனிஸ்லாஸ் சட்டிக்குள் கையை விட்டார். ஒரு துண்டை எடுத்து நன்றாக மென்று, சகாயநாதனைப் பார்த்துக்கொண்டே விழுங்கினார். ஒன்றுமில்லை. இன்னொன்றை எடுத்து விழுங்கினார். மிளகாய் இறங்கிப் போனபின், அதன் பின்னாலிருந்து மெதுவாக வந்தது கசப்பு. அடிநாக்கில் ஒட்டிக்கொண்டு, தொண்டையை உள்ளிருந்து சீப்பால் வாரியது போல எரிந்தது. கண்ணில் தண்ணீர் நின்றது.

“கசக்குது” என்றார். “கொட்டு.”

சகாயநாதன் பட்டுச் சட்டையோடு சட்டியின் ஒரு காதைத் தானே பிடித்தார். இருவருமாகத் தூக்கிக்கொண்டுபோய், மாடு வாய் வைத்துவிடாமல் குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினார்கள். கோயில் மணி அடிக்கத் தொடங்கியது.

“கறிக்கு இன்னா போடறது?” என்றார் சகாயநாதன், ஈனக் குரலில்.

தனிஸ்லாஸ் சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் கண் பந்தல் வாசலில் போய் நின்றது. இரண்டு பக்கமும் தாரும் பூவுமாகக் கட்டியிருந்த வாழைமரம். முரட்டு மொந்தன் காய்.

“செல்வாம்பா! பூச முடியறதுக்குள்ள அந்த ரெண்டு தாரையும் எறக்கு. தோல சீவி, துண்டு போட்டு, வறுத்து வையி.” பிறகு, நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். “வா-ழை-க்-காய்.”

“புரியுது முசே. இது தமிழு” என்றாள் செல்வாம்பாள்.

கோயிலில் தனிஸ்லாஸ் ஞானத்தகப்பனுக்குரிய முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். தொண்டையில் அரிப்பு நிற்கவில்லை. சாமியார் பிரசங்கத்தில் எங்கெல்லாம் நிறுத்தினாரோ அங்கெல்லாம் இவர் இருமினார். மோதிரம் மாற்றினார்கள், தாலி கட்டினார்கள். நன்மை நேரம் வந்தது. பெஞ்சு பெஞ்சாக எழுந்து போனார்கள். சகாயநாதன் எழுந்து, இவரை ஒரு தரம் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு போனார். முதல் பெஞ்சில் தனிஸ்லாஸ் மட்டும் ஒற்றையாக, எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி உட்கார்ந்திருந்தார். பின்னால் குசுகுசுவென்று ஆரம்பித்துவிட்டார்கள். ரோசா முக்காட்டை விலக்கித் திரும்பிப் பார்த்தாள். காலியாக இருந்த அவர் இடத்தைக் கிராதியருகே பார்த்தாள். பிறகு பெஞ்சில் அவரைப் பார்த்தாள். அவள் முகம் அப்படியே கூம்பிப் போயிற்று. அடி வாங்கியிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

விருந்து அமர்க்களம். ரகுவில் முழித்துக்கொண்டிருந்த புதுத் துண்டுகளைக் கண்டு சைகோன் பெரியப்பா புருவத்தை உயர்த்தினார். “இது இன்னா கெழங்கு, முசே?”

“பொம் த பந்தல்” என்றார் தனிஸ்லாஸ், கண்ணிமைக்காமல். பிரெஞ்சில் உருளைக்கிழங்கு ‘பொம் த தேர்’, தரை ஆப்பிள்; இது பந்தல் ஆப்பிள்.

பெரியப்பா இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார். சைகோனில்கூட இந்த வகை கிடைக்காது என்று நாலு பேரிடம் அடித்துச் சொன்னார். வாசலில் தாரிழந்து மொட்டையாக நின்ற வாழைமரங்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஒருவருக்கும் வயிறு கலங்கவில்லை. தனிஸ்லாஸ் மட்டும் லேசான குமட்டலோடும் சுக்குத் தண்ணீரோடும் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

மாலையைக் கழற்றாமலே ரோசா அங்கே வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

“ஒரே ஒண்ணுதான கேட்டேன், பர்ரேன்.”

நடந்ததைச் சொன்னால் அவள் அப்பன் வண்டவாளம் மாமியார் வீடுவரை ஏறிவிடும். “சூப்புல உப்பு கொஞ்சம் தூக்கல்” என்று ஏதோ உளறினார். அவள் சரேலென்று திரும்பினாள்.

செல்வாம்பாள்தான் துடைப்பத்தோடு குறுக்கே வந்தாள். அவளுக்கு எந்த மாமியார் வீட்டைப் பற்றியும் கவலையில்லை. முற்றம், முளை, வேர், வெர், சகாயநாதன் பிடித்த பிடிவாதம், முசே விழுங்கிய இரண்டு துண்டு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். “நீயே சொல்லும்மா. வேர்னா வேர்தான?” என்று நியாயமும் கேட்டாள்.

ரோசா முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதாள். பிறகு யாரோ வெளியே கூப்பிட, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை தனிஸ்லாஸ் தம் வீட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காப்பியை ஆற்றினார். உடம்பு தேறிவிட்டது, மனசுதான் தேறவில்லை. காரைக்காலுக்குப் புறப்படும் வண்டியை வழியனுப்பப் போவதா வேண்டாமா என்று யோசித்தபடி, லோட்டாவை உதட்டருகே கொண்டுபோனார்.

“பர்ரேன்! குடிக்காதீங்க!”

தெருவில் ரோசா ஓடிவந்துகொண்டிருந்தாள், புதுப் புடவை தடுக்க. பின்னால் கசங்கிய தூக்கத்தோடு மாப்பிள்ளை, கொட்டாவி விட்டபடி. அதற்கும் பின்னால் சகாயநாதன்.

“ஒரு வாயும் குடிக்கலயே?” என்றாள், மூச்சிரைக்க. தனிஸ்லாஸ் இல்லையென்று தலையாட்டினார். அவள் லோட்டாவை அவர் கையிலிருந்து பிடுங்கித் திண்ணை மேல் வைத்தாள்.

“வண்டி எங்களுக்காக நிக்கும். காலப் பூசைக்கு ரெண்டாம் மணி அடிச்சாச்சி. நானும் அவரும் நேத்து ராத்திரியிலேருந்து பச்சத்தண்ணிகூடப் பல்லுல படாம இருக்கோம். சீக்கிரம் சட்டையப் போடுங்க பர்ரேன், பசி உயிரு போவுது!”